வழிபாட்டில் கையும் உடலும்: தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கு ஒப்பீட்டுச் சார்ட் தயாரிக்க முழுமையான வழிகாட்டி

வழிபாட்டு நிலைகளைப் பற்றிய சார்ட்டுகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். ஆறு மதம், ஆறு படம். இந்து என்றால் கைகூப்பிய ஆள், முஸ்லிம் என்றால் நெற்றியைத் தரையில் வைத்த ஆள், கிறிஸ்தவர் என்றால் முழந்தாளிட்ட ஆள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதைப் படிக்கும் எட்டு வயதுப் பிள்ளை, கைகூப்புவது இந்துக்களுக்கு மட்டும் உரியது, தரையில் நெற்றி வைப்பது முஸ்லிம்கள் மட்டுமே செய்வது என்று எடுத்துக்கொள்ளும். இரண்டுமே தவறு. கைகூப்புதல் இந்து, பௌத்த, சீக்கிய, கிறிஸ்தவ வழிபாடுகளில் உண்டு. நெற்றி தரையைத் தொடும் நிலை, இந்த வழிகாட்டியில் வரும் ஆறு மரபுகளிலும் ஏதாவது ஒரு வடிவில் இருக்கிறது.

அதனால் சார்ட்டின் அமைப்பையே மாற்ற வேண்டும். மதத்துக்கு ஒரு படம் என்று வைக்காமல், ஒரே உடல்நிலையைப் பல மரபுகள் எப்படிச் செய்கின்றன என்று பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி செய்ய வேண்டும். ஒப்பீடு என்பது அப்போதுதான் தொடங்குகிறது. கீழே உள்ள முறை எட்டு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்கானது.

படி 1: கட்டம் போடுதல்

84 சென்டிமீட்டர் அகலம், 59 சென்டிமீட்டர் உயரம் உள்ள ஏ1 தாளைப் படுக்கைவாட்டில் வையுங்கள். இடது ஓரத்தில் மரபின் பெயர் எழுத 14 சென்டிமீட்டர் விடுங்கள். மீதியில் 17 சென்டிமீட்டர் அகலத்துக்கு நான்கு பத்திகள் வரும். மேலே தலைப்புக்கு 6 சென்டிமீட்டர். அதன் கீழ் ஆறு வரிசைகள், ஒவ்வொன்றும் எட்டரை சென்டிமீட்டர். ஓரத்தில் கொஞ்சம் இடமும் மிஞ்சும்.

நான்கு பத்திகளின் தலைப்புகள் இவை: நின்று, குனிந்து, அமர்ந்து அல்லது முழந்தாளிட்டு, நெற்றி தரையில். ஆறு வரிசைகளில் இந்து, இஸ்லாம், கிறிஸ்தவம், பௌத்தம், யூதம், சீக்கியம். கைக்குத் தனிப் பத்தி வேண்டாம். ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் 3 சென்டிமீட்டர் அளவில் ஒரு சின்ன வட்டம் போட்டு, அதற்குள் கையை மட்டும் பெரிதாக வரையுங்கள். கையும் உடலும் ஒன்றாகச் சேர்ந்துதான் ஒரு நிலை ஆகிறது. இரண்டையும் தனித்தனிப் பத்திகளாகப் பிரித்தால் எந்தக் கை எந்த உடலோடு சேரும் என்று பிள்ளைகள் குழம்புவார்கள்.

எல்லாக் கட்டத்தையும் நிரப்பியே ஆக வேண்டும் என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். ஒரு மரபில் அந்த நிலை வழிபாட்டின் தெளிவான பகுதியாக இல்லையென்றால் அங்கே ஒரு கோடு போதும். கட்டம் காலியாகத் தெரிகிறதே என்று எதையாவது தேடிப்பிடித்து வரைந்தால் சார்ட் பொய் சொல்லத் தொடங்கிவிடும்.

படி 2: வலது கைக்கு ஒரு நிறம்

இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு இடது வலது மாறிப்போவது. நம்மைப் பார்த்து நிற்பது போல ஒருவரை வரைந்தால் அவருடைய வலது கை நமக்கு இடப்பக்கம் இருக்கும். வரைபவரும் குழம்புவார், பார்ப்பவரும் குழம்புவார். சாதாரணப் படத்தில் இது பெரிய விஷயம் இல்லை. வழிபாட்டில் பெரிய விஷயம்.

சிலுவை அடையாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கர்கள் வலது கையால் நெற்றி, மார்பு, அப்புறம் இடது தோள், கடைசியாக வலது தோள் என்று தொடுவார்கள். கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபையினர் நெற்றிக்கும் வயிற்றுக்கும் பிறகு முதலில் வலது தோளைத் தொட்டு, அப்புறம் இடது தோளுக்கு வருவார்கள். கட்டைவிரலையும் அடுத்த இரண்டு விரல்களையும் நுனியில் சேர்த்து, மற்ற இரண்டையும் உள்ளங்கையில் மடக்கிக்கொள்வார்கள். படத்தில் இடம் வலம் மாறினால் ஒரு சபையின் வழக்கம் இன்னொரு சபையின் வழக்கமாகிவிடும்.

தொழுகையில் நிற்கும்போதும் இதே கவனம் வேண்டும். கை கட்டுபவர்கள் இடது கையின் மேல் வலது கையை வைப்பார்கள். தியானத்தில் அமரும் தேரவாத பௌத்தர் பொதுவாக மடியில் இடது கையின் மேல் வலது கையை வைக்கிறார். ஜப்பானிய பௌத்தத்தின் ஒரு பிரிவான சோட்டோ ஜென் மரபில் வலது கையின் மேல் இடது கை வரும், இரு கட்டைவிரல் நுனிகளும் லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும்.

தீர்வு எளிது. சார்ட் முழுவதும் எல்லா உருவங்களின் வலது கைக்கும் ஒரே நிறம் கொடுங்கள், ஆரஞ்சு போலத் தூரத்திலிருந்து தெரியும் நிறமாக இருக்கட்டும். இடது கைக்கு நிறம் வேண்டாம். சிலுவை அடையாளம் போன்ற அசைவுகளை முதுகுப்பக்கமாக நின்று காட்டும் உருவமாக வரைந்து, தொடும் இடங்களுக்கு 1, 2, 3, 4 என்று எண் கொடுங்கள். பார்ப்பவரின் வலதும் படத்தின் வலதும் அப்போது ஒன்றாகிவிடும்.

உருவங்களுக்கு முகம் வரைய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முகம் வந்தால் நிறம், தாடி, குங்குமம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, ‘இந்த மதத்து ஆள் இப்படித்தான் இருப்பார்’ என்ற வேறொரு பாடம் நுழைந்துவிடும். தலையை மூடுவது வழிபாட்டின் பகுதியாக இருக்கும் இடத்தில், உதாரணமாக சீக்கியரின் வழிபாட்டிடமான குருத்துவாராவில், துணியை மட்டும் காட்டினால் போதும்.

படி 3: ஒரு பத்தியை முழுமையாக நிரப்பிப் பார்த்தல்

நான்கு பத்தியையும் ஒரே நேரத்தில் தொடங்காதீர்கள். ‘நெற்றி தரையில்’ என்ற கடைசிப் பத்தியை முதலில் முடியுங்கள். தூரத்திலிருந்து எல்லாம் ஒன்றுபோல் தெரியும், கிட்டப் போனால் ஒவ்வொன்றும் வேறு. பிள்ளைகளின் கண் கூர்மையாவது இந்தப் பத்தியில்தான்.

தொழுகையில் வரும் சுஜூதிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் இதில் விதி மிகத் தெளிவு. ஏழு உறுப்புகள் தரையில் பட வேண்டும்: மூக்கோடு சேர்ந்த நெற்றி, இரு உள்ளங்கைகள், இரு முழங்கால்கள், இரு பாதங்களின் விரல் நுனிகள். ஆண்கள் முழங்கையைத் தரையில் படவிடாமல் உயர்த்தி வைப்பார்கள். பெண்கள் கைகளை உடலோடு ஒட்டி வைக்க வேண்டும் என்று சொல்லும் வழியும் உண்டு. தொழுகையின் ஒரு சுற்றுக்கு ரக்அத் என்று பெயர். ஒரு ரக்அத்தில் இரண்டு சுஜூது. ஐந்து வேளைக் கடமைத் தொழுகையில் மொத்தம் 2, 4, 4, 3, 4 என்று 17 ரக்அத்துகள். ஒரு நாளில் எத்தனை முறை நெற்றி தரையைத் தொடும் என்று பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். 34 என்று அவர்களே கண்டுபிடித்தால் மறக்க மாட்டார்கள்.

அடுத்து பௌத்தம். தேரவாத நாடுகளில் ஐந்து உறுப்பு வணக்கம் என்பது நெற்றி, இரு முழங்கால்கள், இரு முன்கைகள். முன்கை என்றால் முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை முழுவதும் தரையில் படும். சுஜூதுக்கும் இதற்கும் கண்ணில் படும் முக்கிய வேறுபாடு இந்த முழங்கைதான். சார்ட்டில் இதைத் தெளிவாக வரையாவிட்டால் இரண்டு கட்டங்களும் நகல் எடுத்தது போல இருக்கும். வணக்கம் மூன்று முறை செய்யப்படும்: புத்தருக்கு, அவருடைய போதனையான தம்மத்துக்கு, துறவியர் கூட்டமான சங்கத்துக்கு. திபெத்திய பௌத்தத்தில் வேறு ஒன்றும் உண்டு. கூப்பிய கையை உச்சியில், தொண்டையில், நெஞ்சில் வைத்துவிட்டு, உடலை முழுநீளமாகத் தரையில் நீட்டி வணங்குவார்கள். கட்டத்தில் இரண்டு சின்ன உருவங்களுக்கும் இடம் இருக்கிறது, இரண்டையும் வரையுங்கள்.

இந்து வரிசையிலும் இரண்டு வரையலாம். அட்டாங்க வணக்கத்தில் உடல் முழுவதும் தரையில் நீண்டிருக்கும், எட்டு உறுப்புகள் நிலத்தைத் தொடும். எந்த எட்டு என்பதில் வழக்குகள் வேறுபடுகின்றன. சைவ வழக்கில் தலை, இரு கைகள், இரு செவிகள், மோவாய், இரு தோள்கள் என்று எண்ணுவார்கள். தலை, மார்பு, இரு கைகள், இரு முழங்கால்கள், இரு பாதங்கள் என்று எண்ணுவதும் உண்டு. ஐந்து உறுப்பு வணக்கத்தில் தலை, இரு கைகள், இரு முழங்கால்கள். இது பெண்களுக்கு உரியது என்று வகுத்திருக்கிறார்கள். பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ‘ஒரு வழக்கின்படி’ என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துவிடுங்கள்.

சீக்கியர் குருத்துவாராவுக்குள் வந்ததும் தலையை மூடி, செருப்பைக் கழற்றி, புனித நூலான குரு கிரந்த் சாகிபின் முன் மண்டியிட்டு நெற்றியால் தரையைத் தொடுகிறார். இதை வரையும்போது முன்னால் உயர்ந்த இடத்தில் நூல் இருப்பதையும் காட்டுங்கள். உடல் மட்டும் இருந்தால் வணக்கம் எதை நோக்கியது என்பது தெரியாமல் போய்விடும். அதே காரணத்துக்காக சுஜூது உருவத்தின் அருகே கிப்லாவை, அதாவது மக்காவின் திசையை, ஓர் அம்புக்குறியால் காட்டுங்கள்.

கிறிஸ்தவ வரிசையில் பலர் கோடு போட்டுவிடுவார்கள். போடக் கூடாது. ஆர்த்தடாக்ஸ் சபைகளில் தவக்காலத்தில் புனித எப்ரேமின் ஜெபத்தைச் சொல்லும்போது மண்டியிட்டு நெற்றி தரையில் படும்படி வணங்கி, உடனே எழுந்துவிடுவார்கள். எல்லாக் கிறிஸ்தவரும் இப்படிச் செய்வதில்லை, அதனால் கட்டத்துக்குள் ‘ஆர்த்தடாக்ஸ் சபை’ என்று எழுத வேண்டும்.

யூத வரிசை பிள்ளைகளுக்கு வியப்பாக இருக்கும். ஆண்டின் பெரும்பாலான நாட்களில் யூதர்கள் இப்படி வணங்குவதில்லை. பாவமன்னிப்புக்கான நோன்பு நாளான யோம் கிப்பூரின் வழிபாட்டில் ஒரு பகுதியில், பல சபைகளில் மண்டியிட்டு முகம் தரையை நோக்கக் குனிவார்கள். அப்போதும் தரைக்கும் நெற்றிக்கும் இடையில் ஒரு துணியோ காகிதமோ போட்டுக்கொள்வது வழக்கம்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதைக் காட்ட மூன்று குறிகள் போதும். நிறைந்த வட்டம் என்றால் வழக்கமான வழிபாட்டிலேயே வருவது. பாதி நிறைந்த வட்டம் என்றால் சில காலங்களில் வருவது, அல்லது வழிபடுபவர் விருப்பத்தைப் பொறுத்தது. வெறும் வட்டம் என்றால் ஆண்டில் ஓரிரு நாட்கள். நிரப்பிய பத்தி இப்படி இருக்கும்:

| மரபு | தரையைத் தொடுவது | எப்போது | குறி |
|---|---|---|---|
| இந்து | எட்டு உறுப்புகள் அல்லது ஐந்து உறுப்புகள் | சன்னிதியில், வழிபடுபவர் விருப்பப்படி | ◐ |
| இஸ்லாம் | ஏழு உறுப்புகள் | ஒவ்வொரு ரக்அத்திலும் இரு முறை | ● |
| கிறிஸ்தவம் (ஆர்த்தடாக்ஸ் சபை) | நெற்றி, கைகள், முழங்கால்கள் | தவக்காலத்தில் | ◐ |
| பௌத்தம் (தேரவாதம்) | நெற்றி, முன்கைகள், முழங்கால்கள் | புத்தர் உருவத்தின் முன், மூன்று முறை | ● |
| யூதம் (பல சபைகள்) | முழங்கால்கள், கைகள், துணியின் மேல் நெற்றி | யோம் கிப்பூர் | ○ |
| சீக்கியம் | நெற்றி, கைகள், முழங்கால்கள் | குரு கிரந்த் சாகிபின் முன் வரும்போது | ● |

இந்தக் குறிகள் இல்லாமல் ஆறு படங்களை மட்டும் வரைந்தால், ஆறு பேரும் தினமும் இப்படித்தான் வணங்குகிறார்கள் என்று பிள்ளை நினைக்கும். 34 முறையும் ஆண்டுக்கு ஒரு நாளும் ஒரே அளவாகத் தெரியும்.

படி 4: மற்ற மூன்று பத்திகள்

முறை பிடிபட்டபின் மற்றவை வேகமாக வரும். ‘நின்று’ பத்தியில் கோடு எங்கும் வராது. யூதர் அமீதா என்னும் ஜெபத்தை இரு பாதங்களையும் ஒட்டி வைத்து, எருசலேமை நோக்கி நின்று சொல்கிறார். தொடங்கும் முன் மூன்று அடி பின்னால் போய், மூன்று அடி முன்னால் வருவது வழக்கம். சீக்கியர் அர்தாஸ் என்னும் வேண்டுதலின்போது கைகூப்பி நிற்கிறார். முஸ்லிம் கட்டத்தில் கவனம் தேவை: பலர் கை கட்டி நிற்பார்கள், ஆனால் ஷியா முஸ்லிம்களும் மாலிகி வழியைப் பின்பற்றும் பலரும் கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிடுவார்கள். கை வட்டத்தை இரண்டாகப் பிரித்து இரண்டையும் காட்டலாம்.

‘குனிந்து’ பத்தியில் தொழுகையில் குனியும் நிலையான ருகூவு உண்டு: முதுகு தட்டையாக, உள்ளங்கைகள் முழங்காலில். அமீதாவில் நான்கு இடங்களில் யூதர் குனிந்து நிமிர்கிறார். ‘அமர்ந்து’ பத்தியில் கிறிஸ்தவரின் முழந்தாளிடுதல், தியானத்தில் அமர்ந்த பௌத்தர், தொழுகையின் இருப்பு, ஷெமா என்னும் ஜெபத்தைச் சொல்லும்போது வலது கையால் கண்களை மூடும் யூதர் ஆகியோர் வருவார்கள். சீக்கியர் கீர்த்தனை கேட்கத் தரையில் சம்மணமிட்டு அமர்வார்கள்.

கைகூப்புதல் பல கட்டங்களில் வரும். ஒரே படத்தை நகல் எடுத்து ஒட்டிவிடாதீர்கள். இந்து வழக்கில் கை எந்த உயரத்தில் இருக்கிறது என்பது முக்கியம்: தெய்வத்துக்குத் தலைக்கு மேல், குருவுக்கு நெற்றிக்கு நேராக, மற்றவர்களுக்கு நெஞ்சுக்கு நேராக என்று கற்பிக்கப்படுகிறது. ஜென் வழக்கில் விரல் நுனிகள் மூக்கின் உயரத்தில், முகத்திலிருந்து ஒரு கைப்பிடி தூரத்தில் இருக்கும். கத்தோலிக்க வழக்கில் வலது கட்டைவிரலை இடது கட்டைவிரலின் மேல் சிலுவைபோல் வைப்பதுண்டு. விரல்களைக் கோத்துக்கொண்டு ஜெபிக்கும் கிறிஸ்தவர்களும் ஏராளம்.

பத்து வயதுக்காரர்களுக்கு இங்கே ஒரு செய்தியைச் சேர்த்துச் சொல்லலாம். தொடக்ககாலக் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் நின்று, இரு கைகளையும் விரித்து உயர்த்தி ஜெபித்தார்கள். ரோமின் நிலத்தடிக் கல்லறைச் சுவர்களில் அந்த ஓவியங்கள் இன்றும் உள்ளன. 325ஆம் ஆண்டு நைசியாவில் கூடிய திருச்சங்கத்தின் 20ஆம் விதி, ஞாயிற்றுக்கிழமைகளிலும் பெந்தெகொஸ்தே காலத்திலும் முழந்தாளிடாமல் நின்றே ஜெபிக்கச் சொல்கிறது. கிறிஸ்தவர் என்றால் முழந்தாள் என்று வரையும் சார்ட்டுகளுக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. ஒரு மரபுக்குள்ளேயே நிலைகள் காலத்தோடு மாறுகின்றன.

படி 5: பொருளை எழுதுதல்

ஒவ்வொரு படத்தின் கீழும் ‘பணிவு’, ‘மரியாதை’ என்று எழுதிவிடுவது சுலபம். அப்படி எழுதினால் இருபத்து நான்கு கட்டத்திலும் அதே இரண்டு சொற்கள்தான் இருக்கும், பிள்ளைக்கு எதுவும் கிடைக்காது. அந்த நிலையில் இருக்கும்போது வழிபடுபவர் என்ன சொல்கிறார் என்பதை எழுதுங்கள். சுஜூதில் ‘மிக உயர்ந்தவனான என் இறைவன் தூயவன்’ என்ற பொருளில் அரபு மொழியில் சொல்லப்படுகிறது. உடல் மிகத் தாழ்ந்திருக்கும் நேரத்தில் இறைவன் மிக உயர்ந்தவன் என்ற சொல் வருவதைப் பிள்ளைகளே கவனித்துச் சொல்வார்கள். தேரவாத வணக்கத்துக்கு மூன்று பெயர்களை வரிசையாக எழுதினால் போதும். ஏன் மூன்று முறை என்பது தானாகவே விளங்கிவிடும்.

சொல்லும் வாக்கியம் கிடைக்காத கட்டத்தில் பொருள் எழுத வேண்டாம். எப்போது, எதன் முன் என்று மட்டும் எழுதுங்கள். வாக்கியங்களில் ‘எல்லோரும்’ என்ற சொல்லைத் தவிர்த்து ‘பலர்’, ‘சிலர்’, ‘இந்தச் சபையில்’ என்று எழுதும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள்.

படி 6: வகுப்பில் பயன்படுத்தும்போது

பிள்ளைகளை எழுப்பி, ‘எல்லோரும் இப்போது சுஜூது செய்து பார்ப்போம்’ என்று சொல்லக் கூடாது. ஒருவருடைய வழிபாட்டை இன்னொருவர் விளையாட்டாகச் செய்து பார்ப்பது நம்புகிறவருக்கு வருத்தம் தரும், தன் வீட்டில் அனுமதிக்கப்படாத ஒன்றைச் செய்ய வேண்டிவரும் பிள்ளைக்கும் சங்கடம். அதற்குப் பதிலாக மூட்டுகள் மடங்கும் சிறிய மரப்பொம்மையைக் கொடுங்கள், அல்லது வளைக்கக்கூடிய கம்பியில் உருவம் செய்யச் சொல்லுங்கள். கம்பி உருவத்தைத் தேரவாத வணக்கத்துக்கு வளைக்கும் பிள்ளை, முழங்கையை எங்கே வைப்பது என்று சார்ட்டைத் திரும்பிப் பார்க்கும். நமக்கு வேண்டியது அந்தப் பார்வைதான்.

வகுப்பில் ஒரு மரபைச் சேர்ந்த பிள்ளை ஒன்றே இருந்தால், அதை எழுப்பி ‘நீ சொல்லு, உங்க வீட்டுல எப்படி?’ என்று கேட்காதீர்கள். அந்தப் பிள்ளை தானாகச் சொல்ல வந்தால் கேளுங்கள். அது சொல்வதும் சார்ட்டில் இருப்பதும் வேறாக இருந்தால், பெரும்பாலும் இரண்டுமே சரி. வேறு சபை, வேறு வழி, அவ்வளவுதான்.

இன்னொரு உருவத்தைக் கட்டாயம் சேருங்கள்: நாற்காலியில் அமர்ந்து வழிபடுபவர். இஸ்லாத்தில் நிற்க முடியாதவர் அமர்ந்தும், அமர முடியாதவர் படுத்தும் தொழலாம் என்று தெளிவான அனுமதி இருக்கிறது. முழங்கால் வலி உள்ள பாட்டி, சக்கர நாற்காலியில் வரும் வகுப்புத் தோழி ஆகியோரும் இந்தச் சார்ட்டில் தங்களுக்கு ஓர் இடத்தைக் காண வேண்டும்.

படி 7: சோதித்துப் பார்த்தல்

மரபின் பெயர்கள் உள்ள இடது ஓரத்தை ஒரு காகிதத்தால் மூடுங்கள். ‘நெற்றி தரையில்’ பத்தியில் இரண்டு படங்களைக் காட்டி, என்ன வேறுபாடு என்று கேளுங்கள். முழங்கை, நீட்டிய கால், நெற்றிக்குக் கீழே துணி, முன்னால் நூல் என்று பிள்ளை சொன்னால் படம் சரியாக வந்திருக்கிறது. ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்றால் குறை படத்தில்தான், அந்தக் கட்டத்தைத் திரும்ப வரையுங்கள். அப்புறம் ஓரத்தைத் திறந்துவிட்டு, ஒரு கட்டத்தைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். ‘கிறிஸ்தவர்கள் தரையில் விழுந்து வணங்குவார்கள்’ என்று எழுதினால், கட்டத்தில் இருக்கும் சபையின் பெயரும் வட்டக் குறியும் கண்ணில் படவில்லை என்று அர்த்தம். அவற்றைப் பெரிதாக்குங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு வரிசையையும் அந்த மரபில் வழிபடும் ஒரு பெரியவரிடம் காட்டுங்கள். ‘இது சரியா?’ என்று கேட்டால் மரியாதைக்காகச் சரி என்றுதான் சொல்வார்கள். ‘இந்தக் கை எங்கே இருக்க வேண்டும்?’ என்று கேளுங்கள். அவர்கள் திருத்துவார்கள் என்று எதிர்பார்த்து, படங்களை நேரடியாகத் தாளில் வரையாமல் தனித்தனித் துண்டுகளில் வரைந்து, மேல் ஓரத்தில் மட்டும் பசை தடவி ஒட்டியிருந்தால் மாற்றுவது எளிது.